பங்கை வெளியாளுக்கு விற்கலாமா: எம்.ஓ.ஏ.வும் ஏ.ஓ.ஏ.வும் யாரை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன

கேள்வி: கோவையில் மூன்று பேர் சேர்ந்து பம்பு உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். மொத்தம் 10,000 பங்கு. எனக்கு 4,000, என் மைத்துனருக்கு 3,500, நண்பருக்கு 2,500. நண்பர் இப்போது தன் பங்கை வெளியாள் ஒருவருக்கு விற்கப் போவதாகச் சொல்கிறார். ஆரம்பிக்கும்போதே, விற்பதானால் முதலில் மற்ற இருவருக்கும்தான் கொடுக்க வேண்டும் என்று முத்திரைத்தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆடிட்டரோ, "ஏ.ஓ.ஏ.வில் அது இல்லையே" என்கிறார். எம்.ஓ.ஏ., ஏ.ஓ.ஏ. என்பவை உண்மையில் என்ன? எங்கள் முத்திரைத்தாள் செல்லாதா? இப்போது என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் ஆடிட்டர் கேட்டது சரியான கேள்வி. முத்திரைத்தாளை மட்டும் நம்பி நீங்கள் நண்பரைத் தடுக்க முடியாமல் போக நிறைய வாய்ப்பிருக்கிறது. ஆனால் வழி இருக்கிறது. உங்களிடமும் மைத்துனரிடமும் சேர்ந்து 7,500 பங்கு இருப்பதால், கொஞ்சம் கவனமாக நடந்தால் அந்த வழி திறக்கும். அதற்கு முன்னால் இந்த இரண்டு ஆவணங்களும் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும்.

எம்.ஓ.ஏ. என்கிற அமைப்பு முறையேடு, கம்பெனி வெளி உலகத்துக்குத் தன்னை யார் என்று சொல்லும் ஆவணம். பெயர், பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலம், என்ன தொழிலுக்காகத் தொடங்கப்பட்டது, உறுப்பினர்களின் பொறுப்பு எதுவரை, பங்கு மூலதனம் எவ்வளவு ஆகியவை அதில் இருக்கும். கடைசியில் முதல் பங்குதாரர்கள் யார் யார், ஆளுக்கு எத்தனை பங்கு என்று கையெழுத்துடன் வரும். ஏ.ஓ.ஏ. என்கிற செயல்முறை விதிகள், அதே கம்பெனி உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்பவை. பங்கை எப்படி மாற்றுவது, கூட்டம் எப்படிக் கூட்டுவது, இயக்குநர்களை எப்படி நியமிப்பது எல்லாம் இங்கேதான். இரண்டும் முரண்பட்டால் முறையேடே நிற்கும். இரண்டுக்கும் மேலே 2013 கம்பெனிச் சட்டம் இருக்கிறது. அதன் 6-வது பிரிவின்படி, சட்டத்துக்கு எதிராக இவற்றில் எழுதப்பட்ட எதுவும் செல்லாது.

முறையேட்டில் தொழில் நோக்கம் எழுதும் பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. யுனைடெட் இந்தியா லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியின் பங்குதாரர்கள், 1955-இல் ஒரு நினைவு அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் நன்கொடை தரத் தீர்மானம் போட்டார்கள். பணமும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஆயுள் காப்பீட்டுத் தொழில் தேசியமயமானது, எல்.ஐ.சி. வந்து, அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் உள்ளிட்ட அறங்காவலர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். நல்ல காரியம்தான், பங்குதாரர்களே தீர்மானித்ததுதான். ஆனாலும் கம்பெனியின் முறையேட்டில் சொன்ன நோக்கங்களுக்கும் அந்த நன்கொடைக்கும் தொடர்பில்லை, அதனால் அது செல்லாது என்று தீர்ப்பானது. பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்டாலும் முறையேட்டைத் தாண்டிய செயல் செல்லுபடியாகாது என்பதே இதன் அடிப்படை. உங்கள் பம்பு கம்பெனி நாளை வேறு தொழிலில் இறங்குவதானால், முதலில் 13-வது பிரிவின்படி முறையேட்டைத் திருத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். அதற்கு விடை சட்டத்தின் 10-வது பிரிவில் இருக்கிறது. முறையேடும் விதிகளும் பதிவானதும், கம்பெனியும் ஒவ்வொரு உறுப்பினரும் அவற்றில் தனித்தனியே கையெழுத்திட்டு, இவற்றின்படி நடப்போம் என்று உறுதி கொடுத்ததுபோல் அவை எல்லாரையும் கட்டுப்படுத்தும் என்கிறது அந்தப் பிரிவு. உறுப்பினர் கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணம் எதுவும் கடன் பாக்கி போலவே வசூலிக்கத்தக்கது என்றும் சொல்கிறது. விதிகளைப் படித்தேன், படிக்கவில்லை என்பதெல்லாம் இங்கே எடுபடாது. பங்கு யார் பெயருக்கு வருகிறதோ, அவர் விதிகளுக்குள் வந்துவிடுகிறார். உங்கள் நண்பரிடம் நாளைக்குப் பங்கு வாங்கப் போகும் அந்த வெளியாளும் அப்படித்தான்.

முத்திரைத்தாள் ஒப்பந்தம் இப்படி வேலை செய்யாது. அது அதில் கையெழுத்திட்ட மூவருக்குள் மட்டும் நிற்பது. கம்பெனி அதில் ஒரு தரப்பு அல்ல. வாங்கப் போகிறவரும் அல்ல. பங்கு மாற்றப் படிவம் வந்ததும் அதைப் பதிவு செய்யலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இயக்குநர் குழு பார்க்க வேண்டியது விதிகளைத்தான்.

இதை உச்ச நீதிமன்றம் சொன்னதும் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு குடும்ப வழக்கில்தான். ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்று வழக்கறிஞர்கள் சொல்லும் வழக்கு அது; 1991 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு தனியார் கம்பெனியின் பங்குகளைக் குடும்பத்தின் இரண்டு கிளைகளும் சரிபாதியாக வைத்திருந்தன. ஒரு கிளையில் யாராவது விற்க நினைத்தால், அதே கிளையினருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று வாய்மொழியாக ஒப்பந்தம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. ஒருவர் தன் பங்கை எதிர்க் கிளையினருக்கு விற்றுவிட்டார். வழக்குப் போட்டவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வெற்றி. உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு விதிகளில் இல்லாவிட்டால், அது கம்பெனியையும் கட்டுப்படுத்தாது, பங்குதாரர்களையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. விற்பனை செல்லும் என்றானது.

பிறகு 2012-இல் வோடஃபோன் வரி வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தக் கருத்துடன் உடன்படவில்லை என்று குறிப்பிட்டது. ஆனால் அந்த வழக்கு வேறு விஷயத்தைப் பற்றியது. சட்டத்தின் 58-வது பிரிவில், பங்கு மாற்றம் பற்றிய ஒப்பந்தம் ஒப்பந்தமாகச் செல்லும் என்று ஒரு வரி இருக்கிறது. அது பொதுக் கம்பெனிகளுக்கானது. அதனால் உங்கள் முத்திரைத்தாளை வைத்து நண்பர் மேல் நஷ்டஈடு கேட்டு வாதாட இடமிருந்தாலும், பங்கு மாற்றத்தைத் தடுக்க அதை மட்டும் நம்பி நான் இறங்க மாட்டேன்.

"தனியார் கம்பெனி என்றாலே பங்கு மாற்றத்துக்குக் கட்டுப்பாடு உண்டே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். தனியார் கம்பெனியின் விதிகள் பங்கு மாற்றும் உரிமையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எப்படிக் கட்டுப்படுத்துவது என்று அது சொல்லவில்லை. பெரும்பாலான சிறு கம்பெனிகள் பதிவின்போது, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் எஃப் பட்டியல் என்ற மாதிரி விதிகளை அப்படியே ஏற்றுக்கொள்கின்றன. இணையத்தில் INC-34 படிவத்தை நிரப்பும்போது அதுதான் முதலில் வந்து நிற்கும், தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மாதிரி விதிகளில், முழுப் பணம் கட்டாத பங்கை, இயக்குநர் குழு விரும்பாத ஒருவருக்கு மாற்ற மறுக்கலாம். வர வேண்டிய பாக்கிக்காகக் கம்பெனிக்கு அந்தப் பங்கின்மேல் பற்றுரிமை இருந்தாலும் மறுக்கலாம். அவ்வளவுதான். முழுப் பணம் கட்டிய பங்கை வெளியாளுக்கு விற்பதற்கு முன் மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எஃப் பட்டியலில் எங்கும் இல்லை. எஃப் பட்டியலோடு "இது தனியார் கம்பெனி, பங்கு மாற்றும் உரிமை கட்டுப்படுத்தப்பட்டது" என்ற ஒரு பொதுவான வாக்கியம் மட்டும் இருந்தால், யாருக்கு முதலில், என்ன விலைக்கு, எத்தனை நாளில் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்காது.

முதல் வேலையாக உங்கள் விதிகளின் நகலை எடுத்து, பங்கு மாற்றம் பற்றிய பத்திகளை வரிவரியாகப் படியுங்கள். கம்பெனியில் கேட்டால் 7 நாளுக்குள் உறுப்பினருக்கு நகல் தர வேண்டும். கம்பெனிப் பதிவாளரின் இணையதளத்திலும் சிறு கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உங்கள் கம்பெனி தொடங்கியபோது எஃப் பட்டியலுக்கு மேல் யாராவது தனியாக ஏதாவது சேர்த்திருந்தால் கதையே மாறும். இயக்குநர் குழு காரணம் சொல்லி மறுக்கலாம் என்ற அதிகாரம் அதில் இருந்தால், மாற்றப் படிவம் வந்த 30 நாளுக்குள் காரணத்தோடு மறுப்பை எழுதி அனுப்ப வேண்டும். நண்பரோ வாங்கியவரோ அதை எதிர்த்துத் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். அங்கே உங்கள் மறுப்பு கம்பெனியின் நலனுக்காகவா, மனஸ்தாபத்துக்காகவா என்று பார்ப்பார்கள்.

சரி, விதிகளில் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 14-வது பிரிவின்படி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி விதிகளைத் திருத்தலாம். திருத்திய பிறகு, அது தொடக்கத்திலிருந்தே இருந்த விதிபோல் செல்லும். எதிர்த்து வாக்களித்த நண்பரையும் கட்டுப்படுத்தும். சாதாரண ஒப்பந்தத்தில் ஒருவர் சம்மதமில்லாமல் நிபந்தனையை மாற்ற முடியாது. விதிகளில் அப்படி இல்லை. பெரும்பான்மையால் மாற்றத்தக்க ஒரு ஒப்பந்தத்துக்குள்தான் நீங்கள் மூவரும் முதல் நாளே நுழைந்திருக்கிறீர்கள்.

சிறப்புத் தீர்மானத்துக்குக் கணக்கு என்ன? ஆதரவு வாக்குகள், எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உங்களிடம் 7,500, நண்பரிடம் 2,500. மூன்று மடங்கு சரியாக 7,500. குறையாமல் இருந்தால் போதும் என்பதால், நிறைவேறும். 25 சதவீதம் வைத்திருந்தால் சிறப்புத் தீர்மானத்தை மறித்துவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். எல்லாரும் வாக்களிக்கும்போது மறிப்பதற்கு 25 சதவீதத்தைத் தாண்டி ஒரு பங்காவது கூட வேண்டும். நண்பரிடம் 2,501 பங்கு இருந்திருந்தால், உங்களால் இதைச் செய்திருக்க முடியாது. உங்கள் நிலை அவ்வளவு விளிம்பில் இருப்பதால், இந்தச் சமயத்தில் ஒரே ஒரு பங்கைக்கூட நீங்களும் மைத்துனரும் யாருக்கும் மாற்றாதீர்கள். இருவருமே கூட்டத்துக்கு வந்தாக வேண்டும்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. கூட்டத்தில் தீர்மானம் முதலில் கை உயர்த்தி வாக்களிக்க வரும். அங்கே ஆளுக்கு ஒரு வாக்கு; பங்கின் எண்ணிக்கை பார்ப்பதில்லை. நீங்கள் இருவர், எதிர்ப்பு ஒருவர். இரண்டு என்பது ஒன்றின் மூன்று மடங்கு ஆகாது. ஆகவே கை உயர்த்தலில் தீர்மானம் தோற்றுப் போகும்! பங்கு எண்ணிக்கைப்படி வாக்கெடுப்பு வேண்டும் என்று அங்கேயே, முடிவு அறிவிக்கும் முன்னரோ அறிவித்த உடனேயோ கேட்டாக வேண்டும். வாக்குரிமையில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் கேட்கலாம் என்பதால் உங்களுக்கு அந்தத் தகுதி தாராளமாக இருக்கிறது. கேட்டதையும், 7,500 ஆதரவு 2,500 எதிர்ப்பு என்று எண்ணியதையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுங்கள். தனியார் கம்பெனிகள் இந்தப் பிரிவுகளைத் தங்கள் விதிகளில் மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்பதால், உங்கள் விதிகளில் வாக்கெடுப்பைப் பற்றி வேறு ஏதாவது இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

அறிவிப்புக்கு 21 முழு நாள் வேண்டும். அறிவிப்பு கைக்குக் கிடைத்த நாளும் கூட்டத்து நாளும் கணக்கில் சேராது. ஒன்றாம் தேதி நண்பரிடம் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால், கூட்டம் 23-ஆம் தேதிக்கு முன் வைக்கக் கூடாது. குறுகிய அறிவிப்பில் நடத்துவதற்கு வாக்குரிமையில் 95 சதவீதத்தினர் சம்மதிக்க வேண்டும்; நண்பர் சம்மதிக்காமல் அது நடக்காது. அறிவிப்போடு திருத்தத்தின் முழு வாசகமும், எதற்காகத் திருத்துகிறோம் என்ற விளக்கமும் இணைக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், கூட்டம் கூட்ட இயக்குநர் குழுவில் தீர்மானம் வேண்டும். அந்தக் குழுக் கூட்டத்துக்கே 7 நாள் அறிவிப்பு தேவை. நிறைவேறிய பிறகு MGT-14 படிவத்தில் பதிவாளருக்குத் தாக்கல் செய்யுங்கள். சிறப்புத் தீர்மானத்துக்கு 30 நாள் அவகாசம் என்றாலும், திருத்திய விதிகளுக்கு 15 நாள் என்று 14-வது பிரிவு சொல்வதால், 15 நாளுக்குள் முடித்துவிடுவதே நல்லது.

இனி, என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். "உறுப்பினர் வெளியாளுக்கு விற்கக் கூடாது" என்று ஒற்றை வரியில் எழுதினால் அது நிலைக்காது. நண்பர் பணத்தைப் பூட்டி வைத்ததாக ஆகும். அவரிடம் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு இருப்பதால், அடக்குமுறை என்று தீர்ப்பாயத்தில் மனுப் போடும் தகுதி அவருக்கு இருக்கிறது. பெரும்பான்மை விதியைத் திருத்தும்போது கம்பெனியின் நலனுக்காக நேர்மையாகச் செய்ததா என்பதை நீதிமன்றங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றன. ஆகவே நண்பருக்கு வெளியேற ஒரு நியாயமான வாசலை எழுதிவையுங்கள். விற்க விரும்புகிறவர் எத்தனை பங்கு, என்ன விலை, யாருக்கு என்று கம்பெனிக்கு எழுதித் தர வேண்டும். கம்பெனி அதை மற்றவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் விகிதத்தில் தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்குள் அவர்கள் வாங்கலாம். விலையில் தகராறு வந்தால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்லும் விலை இருவரையும் கட்டுப்படுத்தும். யாரும் வாங்காவிட்டால், அதே விலைக்குக் குறையாமல் அவர் அந்த வெளியாளுக்கு 90 நாளுக்குள் விற்கலாம். இந்த நாட்கணக்கு என் பரிந்துரைதான், சட்டம் சொன்னதல்ல. உங்களுக்கு எது வசதியோ அதை வையுங்கள். உங்கள் விகிதத்தில் பார்த்தால், 2,500 பங்கில் உங்களுக்கு 1,333-ம் மைத்துனருக்கு 1,166-ம் வந்து ஒரு பங்கு மீதி நிற்கும். அந்த ஒரு பங்கு யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அதற்கே ஒரு சண்டை வரும்.

விதி எழுதுபவர்கள் அடிக்கடி விட்டுவிடும் இடம் ஒன்று: மரணம். உறுப்பினர் இறந்தால் பங்கு வாரிசுக்கோ நியமனதாரருக்கோ போவதை, சட்டம் பங்கு மாற்றமாகப் பார்ப்பதில்லை. தனி நிகழ்வாகப் பார்க்கிறது. "மாற்றினால் முதலில் மற்றவருக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வாரிசுக்குப் பொருந்தாது. வாரிசுக்கும் பொருந்த வேண்டும் என்றால் தனியாக எழுத வேண்டும். பெற்றோர், மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுப்பதை விலக்க நினைத்தாலும் அதையும் தெளிவாக எழுத வேண்டும்.

இந்தத் திருத்தத்தை இன்னும் உறுதியாக்க, அதைச் சிறப்புத் தீர்மானத்தால்கூடச் சுலபமாக மாற்ற முடியாதபடி பூட்டுவதும் உண்டு. தொடங்கியபிறகு தனியார் கம்பெனியில் அப்படிப் பூட்ட எல்லா உறுப்பினரும் சம்மதிக்க வேண்டும். நண்பர் சம்மதித்தால் ஒழிய இப்போது அது முடியாது. கம்பெனி தொடங்கும் நாளில் அது இலகு. இனி ஒரு கம்பெனி தொடங்கினால் அப்போதே யோசியுங்கள்.

இன்னொன்றும் நீங்கள் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. நண்பரை விதிகளில் ஆயுள்கால நிர்வாக இயக்குநர் என்று எழுதியிருந்தால், அதை வைத்து அவர் சண்டை போட முடியுமா? விதிகள் உறுப்பினரை உறுப்பினர் என்ற தகுதியில்தான் கட்டுப்படுத்தும். உரிமையும் அந்தத் தகுதியில்தான் கொடுக்கும். 1876-இல் இங்கிலாந்தில் ஈலி என்ற வழக்கறிஞர், விதிகளில் தன்னைக் கம்பெனியின் சட்ட ஆலோசகராக எழுதியிருப்பதைக் காட்டி வழக்காடினார். அவர் பங்குதாரரும்தான். ஆனாலும் வழக்கறிஞர் என்ற தகுதியில் அந்த விதி அவருக்கு உரிமை தராது என்று தீர்ந்தது. பதவிக்குத் தனி ஒப்பந்தம் இருந்தால் அதைக் கேட்கலாம். விதியை மட்டும் காட்டினால் போதாது. வாக்குரிமை, அறிவித்த லாபப்பங்கு, பங்கு மாற்றம் போன்றவை மட்டுமே உறுப்பினர் விதிகளைக் காட்டி நேரடியாகக் கேட்கக் கூடியவை.

இப்போது உங்கள் முன் இருக்கும் நெருக்கடி நாட்களில்தான். கூட்டத்துக்கான அறிவிப்புக் காலம் முடிவதற்குள் நண்பர் SH-4 என்ற பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கம்பெனியில் கொடுத்துவிட்டால், அதைப் பழைய விதிகளின்படிதான் பார்க்க வேண்டியிருக்கும். புது விதியைப் பின்னால் இழுத்துப் பொருத்தினால் அது அவருக்காகவே செய்ததாகத் தெரியும். எனவே நாளையே இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு அறிவிப்பு அனுப்புங்கள். அத்தோடு நண்பரை நேரில் சந்தித்து, அவர் சொல்லும் விலைக்கே நீங்கள் இருவரும் அந்த 2,500 பங்கை வாங்கத் தயார் என்று எழுத்தில் கொடுங்கள். வெளியாள் தரும் விலையும் நீங்கள் தரும் விலையும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலானவர்கள் வழக்கைவிடக் காசோலையைத்தான் விரும்புவார்கள். முத்திரைத்தாள் அங்கேதான் உங்களுக்கு உதவும்: முதலில் எங்களுக்கு என்று மூவரும் பேசிக்கொண்டதை அவருக்கு நினைவூட்ட.